நிறுத்த மறந்த ரீலோட்: ஊருக்குப் போகும் பணம் யாருடைய கைபேசிக்குப் போகிறது?

வன்னியில் தனித்து வாழும் முதியவர்களின் கைபேசிகளில் பலவற்றுக்கு ரீலோட் போடுபவர்கள் லண்டனிலோ ரொறன்ரோவிலோ இருக்கும் பிள்ளைகள். ஒவ்வொரு முறையும் நினைவு வைத்துப் போடுவது சிரமம் என்பதால், வெளிநாட்டிலிருந்து ரீலோட் அனுப்பும் செயலிகள் தானியங்கி வசதியையும் தருகின்றன. வங்கி அட்டை விபரங்களை ஒருமுறை பதிந்துவிட்டால், குறித்த நாட்களுக்கு ஒருமுறை பணம் தானாகவே கழிக்கப்பட்டு அம்மாவின் இலக்கத்துக்குப் போய்விடும். வசதியானதுதான். ஆனால் தொடங்குவதற்கு ஒரு நிமிடம் போதுமான இந்த ஏற்பாட்டை நிறுத்துவதற்கு, எதை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். லண்டனில் உள்ள மகன், கிளிநொச்சியில் உள்ள தாயின் இலக்கத்துக்கு 28 நாட்களுக்கு ஒருமுறை 10 பவுண்ஸ் போகும்படி ஒழுங்கு செய்கிறார். மாதம் ஒருமுறை, வருடத்துக்கு 120 பவுண்ஸ் என்பது அவருடைய கணக்கு. ஆனால் 28 நாள் என்றால் வருடத்துக்கு 13 முறை, அதாவது 130 பவுண்ஸ். இது சிறிய வித்தியாசம். பெரிய சிக்கல் வேறு.

தாயின் கைபேசி தொலைந்து போகிறது. அவர் புதிய சிம் வாங்கிப் புதிய இலக்கத்துக்கு மாறுகிறார். பாவனையில் இல்லாத முற்கொடுப்பனவு இலக்கத்தைத் தொலைபேசி நிறுவனம் சில காலத்தின் பின் துண்டித்து, பின்னர் இன்னொருவருக்கு வழங்கலாம். இலக்கம் துண்டிக்கப்பட்ட நிலையிலேயே இருந்தால் ரீலோட் தோல்வியடையும், மகனுக்கும் தெரியவரும். வேறொருவர் கைக்குப் போயிருந்தால் ரீலோட் வெற்றி பெறும். ‘வெற்றிகரமாக அனுப்பப்பட்டது’ என்ற செய்தி, அந்த இலக்கம் பணத்தை ஏற்றுக்கொண்டது என்பதை மட்டுமே சொல்கிறது. அது யாருடைய இலக்கம் என்பதைச் சொல்வதில்லை. இப்படி ஐந்து தடவை போனால் 50 பவுண்ஸ் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேரும். ஏறிய ரீலோட்டை மீளப் பெறுவது பெரும்பாலும் முடியாத காரியம்.

நிறுத்துவதற்கு முதலில் அந்தச் செயலிக்குள் செல்ல வேண்டும். Auto Top-up என்ற பெயரிலோ அதையொத்த பெயரிலோ ஒரு பகுதி இருக்கும். அங்கே ஒவ்வொரு இலக்கத்துக்குமான ஏற்பாடு தனித்தனியாக இருக்கும் என்பதால், அம்மாவுக்கு நிறுத்தினால் மாமாவுக்கும் நின்றுவிடும் என்று எண்ணக்கூடாது. நிறுத்தியதை உறுதிப்படுத்தும் மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த கழிப்பு நாளுக்கு இரண்டு மூன்று நாட்கள் முன்னதாகவே செய்வது நல்லது. செயலியைக் கைபேசியிலிருந்து அழிப்பதால் எதுவும் நிற்காது. அட்டை விபரம் கைபேசியில் அல்ல, நிறுவனத்திடம் இருக்கிறது.

கடவுச்சொல் மறந்து உள்ளே போக முடியாவிட்டால் வங்கியை நாடலாம். பிரித்தானியாவில் இத்தகைய கழிப்புக்கு Continuous Payment Authority என்று பெயர். வங்கிச் செயலியில் Direct Debit பட்டியலில் இது தென்படாது. பலர் அங்கே தேடிவிட்டு ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். வங்கியிடம் இந்தப் பெயரைச் சொல்லியே, அனுமதியை மீளப் பெறுவதாக அறிவிக்க வேண்டும். முதலில் அந்த நிறுவனத்திடம் போய்க் கேளுங்கள் என்று வங்கி உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. நீங்கள் உரிய நேரத்தில் அறிவித்த பின்னரும் பணம் கழிக்கப்பட்டால், வங்கி அதைத் திருப்பித் தர வேண்டும். ஆனால் அறிவிப்பதற்கு முன் போன பணத்துக்கு இது பொருந்தாது.

அட்டையை மாற்றினால் போதும் என்பதும் தவறான நம்பிக்கை. புதிய அட்டையின் விபரங்களைப் பழைய வணிகருக்குத் தானாகவே அறிவிக்கும் சேவைகள் அட்டை வலையமைப்புகளிடம் உண்டு. ஆகவே புதிய அட்டையிலிருந்தும் கழிப்பு தொடரலாம்.

நிறுத்துவதற்கு முன் ஊருக்கு ஓர் அழைப்பு எடுப்பது மிக அவசியம். அந்த இலக்கத்தை அம்மா இன்னும் பாவிக்கிறாரா என்று கேளுங்கள். பாவிக்கிறார் என்றால், ரீலோட் நின்றபின் அதை உயிரோடு வைத்திருப்பது யார் என்பதையும் முடிவு செய்யுங்கள். வங்கிக் குறுஞ்செய்தி வருவது அந்த இலக்கத்துக்குத்தான். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடும் தாய் என்றால், அலுவலகங்களில் கொடுத்த விண்ணப்பங்களிலும் முறைப்பாடுகளிலும் அதே இலக்கம் எழுதப்பட்டிருக்கும். சொல்லாமல் ரீலோட்டை நிறுத்தி அந்த இலக்கம் துண்டிக்கப்பட்டால், என்றோ ஒருநாள் வரக்கூடிய அழைப்பு வேறொருவர் கைபேசியில் ஒலிக்கும். இலக்கம் ஏற்கெனவே மாறிவிட்டது என்றால், ரீலோட்டை நிறுத்துவதோடு, பழைய இலக்கம் கொடுக்கப்பட்ட இடங்களிலெல்லாம் புதியதை எழுதிக் கொடுக்கும்படியும் அதே அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள்.