சராசரி ஆரை "ஏறக்குறையக் கணக்கு" இல்லை!

கொட்டகலைக்கு மேலே ஒரு தோட்டப் பிரிவில் புதிதாகக் கட்டிய வட்டத் தண்ணீர்த் தாங்கியைப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன். விளிம்புக்குக் கீழே சுமார் 10 சென்ரிமீற்றரில், சுற்றிலும் ஓர் ஈரக்கோடு. "கொங்கிரீட் பத்தலை சேர், மிச்சத்தை மறுநாள்தான் போட்டோம்" என்றார் என்னிடம் படித்த மேசன் பாஸ்.

ஏன் பத்தவில்லை? கணக்கைப் பார்ப்போம். உள் விட்டம் 3 மீற்றர், சுவரின் தடிப்பு 15 சென்ரிமீற்றர், தளத்துக்கு மேல் உயரம் 2 மீற்றர். உள் ஆரை 1.5, வெளி ஆரை 1.65. இரண்டுக்கும் நடுவில் உள்ள சராசரி ஆரை 1.575.

2 × 22/7 × 1.575 = 9.9 மீற்றர். இதைத் தடிப்பாலும் உயரத்தாலும் பெருக்கினால் 2.97 கன மீற்றர்.

சாமான் இறக்கியவர்கள் உள் ஆரையில் கணக்குப் போட்டிருக்கிறார்கள்: 2.83. அந்த அளவு கொங்கிரீட்டுக்குச் சுவர் 1.905 மீற்றர்தான் எழும்பும். மிச்சம் 9.5 சென்ரிமீற்றர். லொறி ஏறாத பாதையில், அந்த மிச்சத்துக்குச் சீமெந்து மறுநாள்தான் வரும். அதற்குள் பழைய கொங்கிரீட் இறுகிவிட்டது, புதியது அதோடு ஒட்டவில்லை. ஈரக்கோடு அங்கேதான்.

இதில் கொடுமை என்னவென்றால், காசுக்கான பில்லில் அதே சுவர் வெளி ஆரையில் 3.11 கன மீற்றராம்! வாங்கும்போது ஓர் ஆரை, காசு கேட்கும்போது வேறோர் ஆரையா? கேட்டதற்குப் பதில்: "சராசரி ஆரை எல்லாம் ஏறக்குறையத்தானே சேர்."

இல்லை. அது துல்லியமான விடை. வெளி உருளையிலிருந்து உள் உருளையைக் கழியுங்கள்: π(R² − r²)h. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்தைக் காரணியாக்கினால் (R − r)(R + r). முதலாவது தடிப்பு. இரண்டாவது சராசரி ஆரையின் இரு மடங்கு. அதாவது 2π × சராசரி ஆரை × தடிப்பு × உயரம். ஒரு துளியும் விடுபடவில்லை. அரைவட்டச் சுவரென்றால் அதில் பாதி.

அடியில் தடித்து மேலே மெலியும் சுவருக்குத்தான் கவனம் வேண்டும். அடியில் 25, மேலே 15 சென்ரிமீற்றர் என்றால் சராசரித் தடிப்பு 20, சராசரி ஆரை 1.6 என்று போடலாம். வித்தியாசம் சுமார் 5 லீற்றர்தான். ஆனால் பலகைக்கும் பூச்சுக்கும் சராசரி ஆரை செல்லாது. உட்பூச்சுக்கு உள் ஆரை, வெளிப்பலகைக்கு வெளி ஆரை.

சக ஆசிரியர்களே, நமக்கும் இதில் பங்குண்டு. காரணியாக்கலை ஒரு பாடமாகவும் உருளையின் கனவளவை இன்னொரு பாடமாகவும் நடத்திவிட்டு, இரண்டையும் ஒரே பலகையில் எத்தனை பேர் எழுதிக் காட்டினோம்? காட்டியிருந்தால் அந்த மேசன் பாஸ் கொங்கிரீட் குழைக்கும் முன்பே தாளை நீட்டிக் கேட்டிருப்பார்: "இது எந்த ஆரை?"

உங்கள் தோட்டத்தில் தாங்கி கட்டுகிறார்களா? எஸ்டிமேட்டை வாங்கிப் பார்த்து, இந்தக் கேள்வியைக் கேளுங்கள்.