பாதிக் கடன் அடைந்த பின் ஜாமீன்தாரரை விடுவிக்க முடியுமா?

கேள்வி: டிராக்டர் வாங்க வங்கியில் ரூ.6 லட்சம் கடன் எடுத்தேன். மைத்துனர் ஜாமீன் போட்டார். ஐந்து ஆண்டுகளாகத் தவணை கட்டி வருகிறேன். பாதிக்கு மேல் அடைந்துவிட்டது. இப்போது அவர் கறவை மாட்டுக் கடன் கேட்டுப் போனால், என் கடனும் அவர் பெயரில் காட்டுகிறது என்கிறார்கள். அவரை விடுவிக்க என்ன செய்ய வேண்டும்?
– திருவண்ணாமலை மாவட்ட வாசகர்

பதில்: பாதிக் கடன் அடைந்ததால் மட்டும் ஜாமீன் தானாக விலகாது. கடன் வாங்கியவருக்கு எவ்வளவு பொறுப்போ, அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம். ஜாமீன் பத்திரத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால்தான் இது மாறும். மைத்துனர், "இனி நான் பொறுப்பில்லை" என்று எழுதிக் கொடுத்தாலும், ஏற்கெனவே கொடுத்த கடனுக்கு அது செல்லாது. வங்கி எழுத்தில் விடுவித்தால்தான் விடுதலை.

முதலில் கடன் அனுமதிக் கடிதத்தையும் ஜாமீன் பத்திரத்தையும் எடுத்துப் படியுங்கள். கைவசம் இல்லையென்றால் கிளையில் நகல் கேளுங்கள். சில கடிதங்களில், "அசலில் பாதி அடைந்து, கடைசி நான்கு தவணைகள் தாமதமின்றிக் கட்டப்பட்டிருந்தால் ஜாமீன்தாரரை விடுவிப்பது பரிசீலிக்கப்படும்" என்பது போல ஒரு நிபந்தனை இருக்கும். "விடுவிக்கப்படுவார்" என்றிருந்தால், நிபந்தனை நிறைவேறியதும் அதை உரிமையாகக் கேட்கலாம். "பரிசீலிக்கப்படும்" என்றிருந்தாலோ, எதுவுமே எழுதாமல் இருந்தாலோ, முடிவு வங்கியின் கையில். அப்போதும் கேட்பதில் தவறில்லை.

இந்தக் கடனையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 ஆண்டுகளில் 16 அரையாண்டுத் தவணை என்றால், ஒரு தவணைக்கு அசல் ரூ.37,500, வட்டி தனி. பத்துத் தவணையில் ரூ.3,75,000 அடைந்து, பாக்கி ரூ.2,25,000 இருக்கும். டிராக்டர் இன்று ரூ.3,50,000-க்கு விலை போகும் என்று வைத்துக்கொண்டால், பாக்கியைவிட வண்டியின் மதிப்பு அதிகம். ஜாமீன் இல்லாமலேயே கடனுக்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று காட்ட இந்தக் கணக்குத்தான் உதவும். மூன்றாவது தவணை 40 நாள் தாமதமாகியிருந்தாலும், நிபந்தனை கடைசி நான்கு தவணைகளைப் பற்றியது என்றால் அது தடையாகாது. ஆனால் இன்று ஒரு தவணை நிலுவையில் இருந்தால், அதைக் கட்டிவிட்டுத்தான் மனுக் கொடுக்க வேண்டும்.

மனுவில் நீங்களும் மைத்துனரும் கையெழுத்திட வேண்டும். வாசகம் இப்படி இருக்கலாம்:

"... எண் கடனில் இதுவரை அசல் ரூ.3,75,000 அடைக்கப்பட்டுள்ளது. பாக்கி ரூ.2,25,000. தவணை நிலுவை இல்லை. டிராக்டரின் இன்றைய மதிப்பு பாக்கியைவிட அதிகம். ஆகவே, அனுமதிக் கடிதத்தின் நிபந்தனைப்படி ஜாமீன்தாரரை விடுவித்து, அதை எழுத்தில் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்."

கடன் கணக்கு விவரம், அனுமதிக் கடித நகல், ஆர்.சி. புத்தகம், நடப்பு இன்சூரன்ஸ் ஆகியவற்றை இணையுங்கள். இன்னொரு பிரதியில் கிளையின் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கடனை அனுமதித்தது மண்டல அலுவலகம் என்றால், மேலாளர் அங்கே அனுப்பித்தான் முடிவு பெறுவார்.

வங்கி தயங்கினால் இரண்டு வழிகள் உண்டு. மைத்துனருக்குப் பதில் வேறொருவரை ஜாமீன்தாரராக ஏற்கச் சொல்லலாம். அல்லது, அறுவடைப் பணத்தில் ஒன்றிரண்டு தவணைகளை முன்கூட்டியே கட்டி, பாக்கியைக் குறைத்துக்கொண்டு மறுபடி கேட்கலாம்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மேலாளர், "சரி, பார்த்துக்கொள்ளலாம்" என்று வாய்மொழியாகச் சொன்னதை நம்பி இருந்துவிடுகிறார்கள். அவர் மாறுதலாகிப் போனால் அந்தச் சொல் கணக்கில் வராது. அதேபோல், மனு நிலுவையில் இருக்கும்போது, "வழக்கமான கையெழுத்துதான்" என்று கடன் புதுப்பிப்புத் தாளையோ கடன் ஒப்புகைக் கடிதத்தையோ மைத்துனரிடம் நீட்டினால், படித்துப் பார்க்காமல் கையெழுத்திட வேண்டாம். ஜாமீன் தொடர்வதற்கு அவரே சம்மதித்ததாகிவிடும். உங்களுடைய பயிர்க்கடனுக்கும் அவர் ஜாமீன் என்றால், அதற்குத் தனியாக விடுவிப்பு கேட்க வேண்டும்.

விடுவிப்புக் கடிதத்தில் கடன் எண், ஜாமீன்தாரர் பெயர், விடுவித்த தேதி, அதிகாரியின் கையெழுத்து நான்கும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு மைத்துனர் தன் கடன் அறிக்கையை வாங்கிப் பார்க்க வேண்டும். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதில் ஜாமீன் இன்னும் நீடித்தால், விடுவிப்புக் கடித நகலுடன் வங்கியிடம் திருத்தம் கேளுங்கள். அதன் பிறகே கறவை மாட்டுக் கடனுக்கு மனுக் கொடுப்பது நல்லது.

வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம். பதில் தராததற்கும், தன் நிபந்தனையை வங்கியே மீறியதற்கும் இது பயன்படும். நிபந்தனையே இல்லாத கடனில் விடுவிக்க வங்கி மறுத்தால், அந்த முடிவை அவர் மாற்றித் தருவார் என்று எதிர்பார்க்க முடியாது.