தேநீரை மறந்த அறிவுரைகள்

புகைபிடிப்பதை நிறுத்தியவருக்கு முதல் மாதத்தில் உடற்பயிற்சி செய், பழம் தின், தண்ணீர் குடி என்ற அறிவுரைகள் தவறாமல் கிடைக்கின்றன. தேநீரையும் காபியையும் பாதியாகக் குறை என்று சொல்வார் அரியர். ஆய்வு மாணவர் விடுதிகளைப் பொறுத்தவரை முதலில் சொல்லப்பட வேண்டியது அதுவே.

தில்லியில் ஆய்வேடு எழுதும் ஒருவர் நாளுக்கு நான்கு தேநீர், இரண்டு காபி, ஒவ்வொன்றுடனும் ஒரு சிகரெட் என்று பழகியிருப்பதாகக் கொள்ளலாம். சிகரெட் புகையிலுள்ள தார்ப் பொருட்கள், காஃபீனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டுகின்றன. புகை நின்ற சில நாட்களில் அந்தத் தூண்டல் அடங்கிவிடும். குடிப்பது அதே ஆறு கோப்பைதான். இரத்தத்திலோ காஃபீன் ஏறத்தாழ இரு மடங்காகிறது. கை நடுக்கம், படபடப்பு, உறக்கமின்மை எல்லாவற்றையும் நிக்கோட்டின் ஏக்கம் என்றே அவர் எண்ணி, பத்தாம் நாள் மீண்டும் பற்றவைக்கிறார். வேறுபாட்டை ஓரளவு கண்டறியலாம்: புகைக்கும் வேட்கை அலையாக எழுந்து சில நிமிடங்களில் தணியும், காபிக்குப் பின் தொடங்கி மணிக்கணக்கில் நீளும் பதற்றத்தில் காஃபீனுக்கே பங்கு அதிகம்.

குறைத்த கோப்பைகளின் இடத்தில்தான் நடையை வைக்க வேண்டும். மாலை நான்கு மணிக்குக் கடைக்குப் போகும் வழக்கமென்றால், அதே நேரத்தில் எதிர்த்திசையில் பத்துப் பதினைந்து நிமிடம் விரைந்து நடப்பது. பேச முடியும், பாட முடியாது என்ற வேகம் போதும். நடக்கும்போதே வேட்கை தணிவதையும், நடந்த பின்னும் சிறிது நேரம் அது அடங்கியிருப்பதையும் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. நவம்பர் மாதப் புகைமூட்டத்தில் வெளியே நடப்பதைவிட விடுதிப் படிக்கட்டில் ஏறி இறங்குவது மேல். ஆனால் உடற்பயிற்சித் திட்டங்கள் நீண்டகால வெற்றியைக் கூட்டுகின்றன என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை என்பதே காக்ரேன் தொகுப்பாய்வின் முடிவு. நடை அந்த நேரத்து அலையைக் கடக்க உதவும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது மிகை.

உணவிலும் இதே அடக்கம் தேவை. 2007இல் வெளியான டியூக் பல்கலைக்கழக ஆய்வில், பழம், காய்கறி, பால் பொருட்கள் சிகரெட்டின் சுவையைக் கெடுப்பதாகவும், காபி, மது, இறைச்சி அதைக் கூட்டுவதாகவும் புகைப்பவர்கள் கூறினர். இது அவர்களே சொன்ன அனுபவம். மருந்துச் சான்று ஆகாது. எனினும், காபிக்குப் பதிலாக ஒரு குவளை மோரும் குளிர்காலத்து முள்ளங்கியோ கொய்யாவோ எடுத்துக்கொள்வதில் இழப்பு ஏதுமில்லை. வறுத்த கொண்டைக்கடலை கையையும் வாயையும் ஒருசேர வேலையில் வைக்கும். உணவுக்குப் பின் சோம்பு மெல்லலாம். பாக்கு கலந்த பொட்டலங்கள் கூடாது. புகையிலை இல்லாத பாக்கும் புற்றுநோய் உண்டாக்குவதே.

நிக்கோட்டின் சூயிங்கம் பயன்படுத்துபவருக்கு இன்னொரு கவனம்: மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பும், மெல்லும்போதும் காபியோ எலுமிச்சைச் சாறோ மோரோ கூடாது. வாயில் அமிலத்தன்மை கூடினால் நிக்கோட்டின் சரியாக உறிஞ்சப்படாது.