குடித்தனக் குறிப்புகள்: வீட்டுக்காரர் வாக்கும் பத்திரத்து எழுத்தும்

மே மாதம் பிறந்தால் மும்பையிலும் அதன் புறநகர்களிலும் வீடு மாறுவோர் தொகை பெருகிவிடும். பள்ளிக்கூடம் திறப்பதற்கும் மழை பிடிப்பதற்கும் முன்னால் குடியேறிவிட வேண்டுமென்ற அவசரம் எல்லோருக்கும் உண்டு. அந்த அவசரத்தில் வீடு பார்க்கப் போகும்போது, சமையலறைக் குழாய் ஒழுகுவதை நாம் சுட்டிக் காட்டுகிறோம். "நீங்கள் வருவதற்குள் புதுக் குழாய் போட்டுவிடுகிறேன்" என்கிறார் வீட்டுக்காரர். துணி வைக்க இடமில்லையே என்றால், "அலமாரி ஒன்று செய்து தருகிறேன்" என்கிறார். பெரும்பாலும் அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆயினும் டெபாசிட் கைமாறி, சாவியும் கைமாறிய பிறகு, அந்த வாக்கை நினைவில் வைத்திருப்பவர் ஒருவர் மட்டுமே, அவர் குடியிருப்பவர்.

வாக்கு மறந்துபோவதைவிடப் பெரிய இடையூறு ஒன்று பத்திரத்திலேயே இருக்கிறது. இங்கு வழங்கும் பதினொரு மாத 'லீவ் அண்ட் லைசென்ஸ்' பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். அச்சடித்த ஷரத்துக்களின் நடுவே, 'குடியேறுபவர் வீட்டை நேரில் பார்வையிட்டார். எல்லாம் நல்ல நிலையில் இருக்கக் கண்டு ஏற்றுக்கொண்டார்' என்ற கருத்தில் ஒரு வரி அநேகமாக இருக்கும். ஒழுகும் குழாயைப் பார்த்துவிட்டு வந்தவர், குழாய் நன்றாயிருக்கிறது என்று கையொப்பமிடுகிறார். பத்திரத்து ஷரத்துக்கு மாறான வாய்ப்பேச்சைச் சாட்சியமாக ஏற்பதில்லை என்பது 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் இருந்த விதி. 1-7-2024 முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள புதிய சட்டத்திலும் அவ்விதி தொடர்கிறது.

மகாராஷ்டிரத்தின் 1999-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு குடியிருப்பவருக்கு ஒரு பாதுகாப்பை அளிக்கிறது. ஒப்பந்தத்தை எழுத்தில் பதிவு செய்யும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. அவ்விதம் பதிவாகாவிடில், நிபந்தனைகளைப் பற்றிக் குடியிருப்பவர் சொல்வதே, மாறாக நிரூபிக்கப்படும் வரையில், செல்லும். ஆனால் பத்திரம் முறையாகப் பதிவாகிவிட்டால் இந்தச் சலுகைக்கு இடமில்லை, எழுதியிருப்பதே பேசும். ஆகையால் பதிவுக்கு முன்னால் அந்த எழுத்தில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி.

'குழாய் வீட்டுக்காரர் பொருள்தானே, கேட்காமலே மாற்ற வேண்டியவர் அவரல்லவா?' என்று சில அன்பர்கள் நினைக்கலாம். மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டத்தின் பராமரிப்பு அட்டவணை வேறு விதமாகக் கூறுகிறது. சுவருக்கு வெள்ளையடித்தல், கதவு ஜன்னல்களுக்கு வர்ணம் பூசுதல், நீர்க்குழாய் வரிசைகளை மாற்றுதல், மின்கம்பி வேலை ஆகியவை வீட்டுக்காரர் பங்கு. குழாயையும் அதன் வாஷரையும் மாற்றுதல், ஸ்விட்சுகளைச் சரி செய்தல், அலமாரிப் பூட்டு முதலியவை குடியிருப்பவர் பங்கு. மாநிலங்கள் ஏற்றாலன்றி அது கட்டுப்படுத்தாத மாதிரியே. வேறு விதமாக எழுதிக்கொண்டால் அந்த எழுத்தே செல்லும். எனினும், எதுவும் எழுதாத இடத்தில் குழாய்ச் செலவு எந்தப் பக்கம் சாயும் என்பதை அது காட்டுகிறது.

ஆகவே எழுத வேண்டும். எழுதுவதிலும் ஒரு முறை உண்டு. 'குழாய் மாற்றித் தரப்படும்' என்பது வாக்கியமே தவிர ஒப்பந்தமாகாது. எந்தக் குழாய், எப்போது, யார் செலவில் என்று ஒன்றுமே அதில் இல்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து விவரங்கள் வேண்டும்: பொருளும் அதன் இடமும், அளவும் தரமும், செலவு யாருடையது என்பது, முடிக்க வேண்டிய தேதி, அந்தத் தேதி தவறினால் என்ன செய்வது என்பது. கடைசி விவரத்தை எழுதத்தான் பலரும் கூச்சப்படுகிறார்கள். அது இல்லாத தேதி வெறும் விருப்பமாகவே நின்றுவிடும்.

டோம்பிவிலியில் ஜூன் 1-ஆம் தேதி குடியேறிய ஒரு குடும்பத்தார் செய்த ஏற்பாட்டைப் பார்ப்போம். மாத வாடகை 18,000 ரூபாய்; டெபாசிட் 60,000 ரூபாய். வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டவை மூன்று: சமையலறைக்குப் புதுக் குழாய், படுக்கையறைச் சுவரின் ஓதத்தைப் போக்கி வர்ணம் பூசுதல், அதே அறையில் ஒரு துணி அலமாரி. வீட்டைப் பார்த்த அன்று மாலையே இம்மூன்றையும் வரிசையாக எழுதி, வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'சரி' என்ற பதிலையும் பெற்றுக்கொண்டார்கள். தரகருக்கு அனுப்பி நிறுத்திக்கொள்ளவில்லை. தரகர் தாமாகக் கொடுக்கும் வாக்கு வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தாது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

பிறகு பத்திரத்தின் நகல் வந்தபோது, அந்த மூன்றும் தேதிகளோடு அதன் இணைப்பில் சேர்க்கப்பட்டன. 'எல்லாம் நல்ல நிலையில் இருக்கக் கண்டு ஏற்றுக்கொண்டார்' என்ற வரியின் முன்னால், 'இணைப்பில் கண்ட வேலைகள் நீங்கலாக' என்ற சொற்களும் சேர்ந்தன. இந்த நான்கு சொற்களே முக்கியம். இவை இல்லாமல் இணைப்பு மட்டும் இருந்தால், ஒரே பத்திரம் இரண்டு விதமாகப் பேசும். இதையெல்லாம் விரல் ரேகை வைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும். பதிவான பிறகு ஒரு சொல்லைச் சேர்ப்பதும் எளிதன்று. பத்திரத்தில் சேர்க்கவே முடியாது என்று சொல்லப்பட்டால், அதே நாளில் இருவரும் கையொப்பமிட்ட தனிக் கடிதமாவது வேண்டும். அது இரண்டாந்தரமே, இருப்பினும் வெறும் பேச்சைவிட மேல்.

அவர்கள் எழுதிய விவரங்கள் வருமாறு. குழாய்: சுவரில் பொருத்தும், மூக்குத் திரும்பும் சிங்க் குழாய், அரை அங்குலம், பித்தளை, மே 25-க்குள். பித்தளை என்ற ஒரு சொல் இல்லாவிட்டால், பளபளப்பான பூச்சுள்ள பிளாஸ்டிக் குழாயைப் போட்டுவிட்டு, புதுக் குழாய் போட்டாயிற்று என்று சொல்லலாம், அதுவும் பொய்யாகாது. பொருத்தியதைச் சோதிப்பதிலும் கவனம் வேண்டும். நம் கட்டடங்கள் பலவற்றில் தண்ணீர் குறித்த நேரத்தில்தான் வருகிறது. தண்ணீர் இல்லாத நேரத்தில் எந்தக் குழாயும் ஒழுகாது. முழு வேகத்தில் வரும் நேரத்தில் மூடி, அடியில் உலர்ந்த காகிதம் ஒன்றை விரித்து, அரை மணி கழித்துப் பார்க்க வேண்டும்.

சுவரும் அலமாரியும் ஒன்றையொன்று சார்ந்தவை. ஓதச் சுவர் உலருமுன் வர்ணம் பூசினால், அது கொப்புளித்து உதிர்ந்துவிடும். வர்ணம் பூசுமுன் அலமாரியை வைத்தால், குறை அதன் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடும். ஆகையால் கசிவு அடைக்க மே 20, வர்ணத்துக்கு மே 31, அலமாரிக்கு ஜூன் 7 என்று தேதிகளை வரிசைப்படுத்தினார்கள். இதில் ஒரு சிக்கல் இருந்தது. கசிவு வெளிச்சுவர் வெடிப்பிலிருந்து வந்தது. வெளிச்சுவரைப் பழுது பார்ப்பது பொதுவாக ஹவுஸிங் சொசைட்டியின் பொறுப்பு. சொசைட்டி எப்போது செய்யும் என்று வீட்டுக்காரர் வாக்களிக்க இயலாது. ஆனால் சொசைட்டிக்குக் கடிதம் கொடுத்து, அதன் நகலை இன்ன தேதிக்குள் தருவதாக அவர் வாக்களிக்க முடியும். அவ்வாறே எழுதினார்கள். கோடையில் உலர்ந்து தோன்றும் சுவரை மழைதான் சோதிக்கும் என்பதால், செப்டம்பர் 30-க்குள் மீண்டும் ஓதம் கண்டால் வீட்டுக்காரர் செலவிலேயே சரி செய்வது என்றும் சேர்த்துக்கொண்டார்கள்.

அலமாரிக்கு உயரம் 6 அடி, அகலம் 4 அடி, ஆழம் 22 அங்குலம், பிளைவுட் பலகை, பூட்டும் சாவியும் என்று குறித்தார்கள். ஆழத்தைக் குறித்ததற்குக் காரணம் உண்டு. அது குறைந்தால் சட்டை மாட்டிய ஹாங்கர் குறுக்கே நிற்காது, கதவு மூடாது. பலகையைக் குறித்ததற்கும் காரணம் உண்டு. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை இவ்வூர் மழைக்கால ஈரத்தில் ஊதிவிடும்.

இனித் தேதி தவறினால் என்ன என்பது. பழைய முறை வாடகைதாரர்களுக்கு, 15 நாள் நோட்டீஸ் கொடுத்துத் தாமே பழுது பார்த்து, ஓராண்டு வாடகையில் கால் பங்கு வரையில் கழித்துக்கொள்ள 1999-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. லைசென்ஸ் முறையில் குடியிருப்பவர் அந்தச் சட்டப்படி வாடகைதாரர் அல்லர்; ஆகையால் நமக்கு அவ்வழியைப் பத்திரமே கொடுக்க வேண்டும். எழுத்தில் இல்லாமல் வாடகையைப் பிடித்து வைத்தால், பாக்கி வைத்தவர் நாமே என்றாகிவிடும். இந்தக் குடும்பத்தார் டெபாசிட்டில் 45,000 ரூபாயைக் கையொப்பத்தன்றும், எஞ்சிய 15,000 ரூபாயை மூன்று வேலைகளும் முடிந்த மறுநாளும் தருவதென எழுதினார்கள். தேதி கடந்து ஏழு நாள் எழுத்தறிவிப்புக் கொடுத்தும் வேலை நடக்காவிட்டால், 15,000 ரூபாய்க்கு மேற்படாமல் தாமே செய்து, கடைச் சீட்டைக் காட்டி வாடகையில் கழித்துக்கொள்ளலாம் என்றும் எழுதினார்கள்.

நடந்தது என்ன? குழாய் குறித்த நாளில் வந்தது. அலமாரி ஜூன் 7-இல் வரவில்லை. அறிவிப்புக்குப் பின் 13-ஆம் தேதி வந்தது, அதுவும் மரத்தூள் பலகையில். சண்டை ஒன்றும் நடக்கவில்லை. இணைப்பை எடுத்துக் காட்டியதும் தச்சர் திரும்ப எடுத்துச் சென்று, 19-ஆம் தேதி பிளைவுட்டில் கொண்டுவந்தார். நிறுத்தி வைத்த 15,000 ரூபாய் அவ்வளவு வேலை செய்தது. ஒரு குழாய்க்காக எவரும் நீதிமன்றம் போகப் போவதில்லை. எழுத்தின் பயன் வழக்காடுவதில் இல்லை. கையிலுள்ள பணத்தை எந்த நாள் வரையில் நியாயமாக வைத்திருக்கலாம் என்று இருவருக்கும் முன்கூட்டியே தெரிவதில் இருக்கிறது.

வேலை முடிந்ததும் ஒரு கடமை நமக்கும் உண்டு. பாக்கி டெபாசிட்டை அன்றோ மறுநாளோ கொடுத்து, எது எந்தத் தேதியில் முடிந்தது என்று எழுதி, படங்களோடு வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட வேண்டும். புதிய அலமாரி பதிவான பட்டியலில் இராது. அது அவருடையது, இன்ன நிலையில் வந்தது என்ற குறிப்பும் அதில் இருக்கட்டும். பதினொரு மாதம் கழித்துக் கணக்குப் பார்க்கும்போது அந்தக் குறிப்பு இரு தரப்புக்கும் உதவும்.

அடுத்த இதழில், வீட்டைக் காலி செய்யும்போது டெபாசிட்டில் எவற்றைக் கழிக்கலாம், எவற்றைக் கழிக்கலாகாது என்பதைப் பார்ப்போம்.