அட்டையை முடக்கினால் மட்டும் போதுமா?

திங்கட்கிழமை இரவு, நாம் செய்யாத ஒரு பரிவர்த்தனைக்காகச் சேமிப்புக் கணக்கிலிருந்து 18,000 ரூபாய் கழிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வருகிறது. உடனே வங்கியை அழைத்து டெபிட் அட்டையை முடக்குகிறோம். மற்றதை ஓய்வாகப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறோம். இது போதாது என்பதே நம் கருத்து. முடக்கம் எஞ்சியுள்ள பணத்தைக் காக்கும். போன பணத்தைத் திரும்பக் கேட்டதாக ஆகாது.

ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கை, நாட்களைக் கணக்கிட்டே பொறுப்பை வகுத்தது. தவறு வங்கியிடமும் நம்மிடமும் இல்லாதபோது, செய்தி வந்த நாள் நீங்கலாக 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் நமக்கு இழப்பில்லை. இங்கே, இடையில் விடுமுறை இல்லையெனில், வியாழன் வரை அவகாசம் உண்டு. வெள்ளியன்று தெரிவித்தால் 10,000 ரூபாய் வரை நாமே ஏற்க நேரிடும். ஓடிபியை நாமே பகிர்ந்திருந்தாலோ, தெரிவிக்கும் வரையிலான இழப்பு நம்முடையது. அதன்பின் நேர்வது வங்கியினுடையது.

ஆகவே, எப்போது தெரிவித்தோம் என்பதற்கான சான்றே முதன்மையானது. அதே அழைப்பில், அந்தப் பரிவர்த்தனையைக் குறிப்பிட்டு மறுத்து, தொகையைத் திரும்ப வரவு வைக்கக் கோருவோம். புகார் எண்ணைத் தேதி, நேரத்துடன் குறுஞ்செய்தியாகவோ மின்னஞ்சலாகவோ பெறுவோம். தெரிவித்த நாளிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் வங்கி அத்தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும் என்கிறது அச்சுற்றறிக்கை. அந்தக் கெடுவை நினைவூட்ட, வாய்மொழி உதவாது, எண் உதவும்.