பேக்கப் ஆன போட்டோவில் தாத்தாவின் மீசை எங்கே போனது?

வீட்டில் ஒரு பெரியவர் இறந்துவிட்டால், துக்கத்துக்கு நடுவிலும் அரை மணி நேரத்துக்குள் ஒரு கேள்வி வந்துவிடும். "நல்ல போட்டோ ஒண்ணு இருக்கா?" தனியாக உட்காரவைத்து எடுத்த படம் பெரும்பாலும் இருக்காது. பேரனோ மருமகளோ போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, இரண்டு மூன்று வருடத்துக்கு முந்தைய கல்யாண குரூப் போட்டோவைக் கண்டுபிடிப்பார்கள். அதில் முகத்தை மட்டும் வெட்டி ஸ்டூடியோவுக்கு அனுப்புவார்கள். அவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஒரிஜினல் இருந்தா அனுப்புங்க சார், இது உடையுது" என்பார். "இதுதான் சார் ஒரிஜினல்" என்று பதில் போகும். ஆனால், பல வீடுகளில் அது ஒரிஜினல் இல்லை.

காரணம், கூகுள் போட்டோஸில் எப்போதோ ஒருநாள் யோசிக்காமல் தொட்ட ஒரு செட்டிங். போட்டோக்களை பேக்கப் எடுக்கும்போது அது இரண்டு வழிகளைக் காட்டும். ஒன்று Original quality. எடுத்த படத்தை ஒரு புள்ளிகூட மாற்றாமல் அப்படியே மேலே ஏற்றும். இன்னொன்று Storage saver. இடத்தை மிச்சப்படுத்த, படத்தைச் சுருக்கி ஏற்றும். 2021 வரை இதற்கு High quality என்று பெயர். 'உயர்ந்த தரம்' என்று எழுதியிருந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்? அதோடு, அன்றைக்கு அது இலவசமாக, அளவே இல்லாமல் கிடைத்தது. 2021 ஜூன் 1 முதல் அந்தச் சலுகை நின்றுபோனது. இப்போது எந்த வழியில் ஏற்றினாலும், ஜிமெயிலும் டிரைவும் பங்குபோடும் அதே 15 ஜிபி இலவச இடத்தில்தான் கணக்கு ஏறும். பெயர் மாறியது, சலுகை போனது. பழைய செட்டிங் மட்டும் பல போன்களில் அப்படியே இருக்கிறது.

Storage saver இரண்டு வேலைகளைச் செய்கிறது. 16 மெகாபிக்ஸலுக்கு மேல் இருக்கும் படத்தை 16 மெகாபிக்ஸலுக்குக் குறைக்கிறது. அதற்குள் இருக்கும் படத்தின் புள்ளிகளை எண்ணிக்கையில் குறைக்காமல், ஃபைலை மட்டும் இன்னும் இறுக்கமாக அமுக்குகிறது. இந்த இரண்டில் எது உங்கள் படத்துக்கு நடந்தது என்பதைப் பொறுத்துத்தான் நஷ்டம் பெரிதா சிறிதா என்று சொல்ல முடியும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அறுபதாம் கல்யாணம். பகல் வெளிச்சத்தில், வீட்டு வாசலில், வரிசைக்குப் பத்துப் பேராக மொத்தக் குடும்பமும் நிற்கிறது. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை படத்தில் விழும் அகலம் சுமார் 6 மீட்டர். போனில் 50 மெகாபிக்ஸல் மோடைப் போட்டு எடுத்தால், படம் அகலத்தில் 8,160 புள்ளிகள் இருக்கும். அப்படியானால் ஒரு புள்ளி, நிஜத்தில் முக்கால் மில்லிமீட்டரைப் பிடிக்கிறது. 15 சென்டிமீட்டர் அகலமுள்ள தாத்தாவின் முகத்துக்கு 204 புள்ளிகள் கிடைக்கும்.

இதே படம் Storage saver வழியாகப் போனால், அகலம் சுமார் 4,608 புள்ளிகளாகிவிடும். இப்போது ஒரு புள்ளி பிடிப்பது 1.3 மில்லிமீட்டர். முகத்துக்கு 115 புள்ளிகள்தான் மிச்சம். தாத்தாவின் மூக்குக்கண்ணாடிக்கு ஒரு மில்லிமீட்டர் கனத்தில் மெல்லிய கம்பி ஃப்ரேம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினலில் அந்தக் கம்பிக்கு ஒரு முழுப் புள்ளியாவது கிடைத்தது. சுருக்கிய படத்தில், பக்கத்துத் தோலின் நிறத்தோடு ஒரே புள்ளிக்குள் கலந்துவிடும். கம்பி காணாமல் போகாது; மங்கலான நிழலாகிவிடும். பாட்டியின் மூக்குத்தி மூன்று புள்ளிகளில் முடிந்துவிடும்.

ஸ்டூடியோவில் என்ன ஆகும்? போஸ்ட்கார்டு அளவு ஃப்ரேமுக்குள் முகம் மட்டும் ஒன்றரை அங்குலம் வரும்படி பிரின்ட் போடுகிறார் என்று கொள்வோம். ஒரிஜினலிலிருந்து வெட்டினால் அங்குலத்துக்கு 136 புள்ளிகள் வரும். நல்ல பிரின்ட்டுக்கு 300 கேட்பார்கள் என்றாலும், 150-ஐ ஒட்டி இருந்தால் சமாளித்துவிடலாம். சுருக்கிய படத்திலிருந்து வெட்டினால் அங்குலத்துக்கு 77 தான். அதைத்தான் ஸ்டூடியோக்காரர் 'உடையுது' என்கிறார். 16 மெகாபிக்ஸல் படத்தை 24 அங்குலத்துக்கு 16 அங்குலம் வரை நன்றாகப் பிரின்ட் போடலாம் என்று கூகுள் சொல்வது உண்மைதான். அது முழுப் படத்துக்கான கணக்கு. முகத்தை மட்டும் வெட்டி எடுப்பவருக்கு அது உதவாது.

இனி அந்த இரண்டாவது வேலை, அமுக்குவது. போன் படங்களில் பெரும்பாலானவை ஜேபெக் வகை. இந்த முறை, படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளும். ஒவ்வொரு கட்டத்திலும் மெதுவாக மாறும் வெளிச்சத்தையும் நிழலையும் பத்திரமாக வைத்துக்கொண்டு, சட்டென்று மாறும் நுணுக்கங்களைத் தோராயமாக்கும். எவ்வளவு இறுக்கமாக அமுக்குகிறோமோ, அவ்வளவு தோராயம். கன்னம், சுவர், வானம் எல்லாம் அப்படியே இருப்பதுபோலத் தெரியும். அடிபடுவது நரைத்த மீசை, பட்டுப்புடவையின் ஜரிகை, பத்திரிகை எழுத்தின் ஓரம் போன்றவை. மீசை முடிமுடியாகத் தெரியாமல், சாம்பல் நிறத்தில் தீட்டியதுபோல ஆகிவிடும். எழுத்தைச் சுற்றிக் கொசு மொய்ப்பதுபோலப் புள்ளிகள் தெரியும்.

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. 50 மெகாபிக்ஸல் கேமரா என்று விளம்பரத்தோடு வந்த போன்கள் பெரும்பாலும், நாம் தனியாக மோடை மாற்றாதவரை, நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்ஸலை ஒட்டித்தான் படம் எடுக்கும். அந்தப் படம் 16-க்குக் கீழே இருப்பதால் Storage saver அதன் அளவில் கை வைக்காது. அமுக்குவதால் வரும் நஷ்டம் மட்டும்தான். அன்றாடப் படங்களுக்கு அது பெரிய விஷயமே இல்லை. சாம்பார் படத்துக்கும் காலை வணக்கப் படத்துக்கும் ஒரிஜினல் தரம் கேட்டு 15 ஜிபியை நிரப்புவதில் அர்த்தமில்லை. உண்மையான அடி, தேடிப்போய் 50, 108, 200 மெகாபிக்ஸல் மோடில் எடுப்பவர்களுக்குத்தான். 200-இல் எடுத்ததை 16-ஆக்கினால் நூற்றுக்கு எட்டுப் புள்ளிகள்தான் மிஞ்சும். (மண்டபத்து மங்கல் விளக்கில் அந்தப் பெரிய மோடுகள் சொன்ன அளவுக்கு நுணுக்கம் தராது என்பது வேறு கதை. பகல் வெளிச்சத்தில்தான் அவற்றுக்கு மதிப்பு.)

"நான் பார்த்தேனே, பேக்கப் ஆன படமும் அதேமாதிரிதானே இருக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பார்த்தது பேக்கப்பை அல்ல. படம் போனில் இருக்கும்வரை, ஆப் அந்த போனில் உள்ள ஒரிஜினலையே திறந்து காட்டும். மேலே போயிருப்பது என்ன என்று தெரிய, கம்ப்யூட்டரில் photos.google.com திறந்து, படத்தை டவுன்லோடு செய்து, போனில் உள்ளதோடு ஒப்பிட வேண்டும். நல்ல வெளிச்சத்தில் பெரிய மோடில் ஒரு செய்தித்தாளை இரண்டடி தள்ளி வைத்து எடுத்து இதைச் செய்து பார்த்தால், பொடி எழுத்திலேயே வித்தியாசம் தெரிந்துவிடும். பெரிதாக்காமல் பார்த்தால் தெரியாது. போன் திரையில் இருப்பதே இரண்டு மூன்று மெகாபிக்ஸல்தான். அதில் 50-ம் 16-ம் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

சுருக்கிய பிரதி மேலே இருப்பதால் மட்டும் யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டம் வருவது அடுத்த படியில். போனில் இடம் தீர்ந்ததும் ஆப், Free up space என்று ஒரு பட்டனைக் காட்டும். 'ஏற்கெனவே பத்திரமாக பேக்கப் ஆகிவிட்டது' என்ற நம்பிக்கையில் அதைத் தொட்டால், பேக்கப் ஆன படங்களெல்லாம் போனிலிருந்து அழிக்கப்படும். அழிவது ஒரிஜினல், மிஞ்சுவது சுருக்கிய பிரதி. அதற்குப் பிறகு செட்டிங்கை Original quality என்று மாற்றினாலும் பழைய படங்கள் திரும்பாது. இனிமேல் ஏறும் படங்களுக்குத்தான் அது பொருந்தும். இணையப் பக்கத்தின் செட்டிங்ஸில் Recover storage என்று இன்னொன்றும் உண்டு. பெயரைப் பார்த்தால் எதையோ மீட்டுத் தருவதுபோல இருக்கிறது. உண்மையில், முன்பு ஒரிஜினலாக ஏற்றி வைத்த படங்களையும் அது சுருக்கிவிடும். அதையும் திருப்ப முடியாது.

ஐபோன்காரர்களுக்கு இதே மாதிரி பெயரில் ஒரு குழப்பம். ஐகிளவுடில் Optimize iPhone Storage என்று இருப்பது வேறு வேலை. அது ஒரிஜினலை மேலே பத்திரமாக வைத்துவிட்டு, போனில் மட்டும் சின்னப் பிரதியை வைத்துக்கொள்ளும். தேவைப்படும்போது ஒரிஜினலை இறக்கிக்கொள்ளலாம். ஆனால், அதே ஐபோனில் கூகுள் போட்டோஸையும் போட்டிருந்தால், அங்கே மேலே சொன்ன கதைதான்.

உங்கள் போனில் எது இருக்கிறது என்று பார்க்க, கூகுள் போட்டோஸில் வலது மேல்மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொட்டு, Photos settings, Backup, Backup quality என்று போகலாம். ஏற்கெனவே எடுத்த ஒரு குறிப்பிட்ட படம் என்ன ஆனது என்று அறிய, அதைத் திறந்து மேல்நோக்கித் தள்ளினால் புள்ளிகளின் அளவு தெரியும். 50-இல் எடுத்ததாக நினைவிருக்கும் படம், போனில் இல்லாமல் மேலே மட்டும் இருந்து, 16 மெகாபிக்ஸல் என்று காட்டினால் சந்தேகமே வேண்டாம்.

எல்லாவற்றையும் ஒரிஜினலாக வைக்கத் தேவையில்லை. எல்லோராலும் பணம் கட்டி இடம் வாங்கவும் முடியாது. பெரியவர்கள் இருக்கும் குரூப் படங்கள், பழைய ஆல்பத்திலிருந்து போனில் எடுத்த படங்கள் என்று வருடத்துக்கு நூறு படம் தேறினால் அதிகம். அவற்றை மட்டும் கூகுள் டிரைவில் ஃபைலாக ஏற்றி வைக்கலாம். டிரைவ் எதையும் சுருக்காது. அல்லது கேபிள் போட்டு ஒரு பென்டிரைவுக்கும் இன்னொரு கம்ப்யூட்டருக்கும் மாற்றலாம். அது முடியும்வரை Free up space பக்கம் போகாமல் இருப்பது நல்லது. ஒரிஜினல் ஏற்கெனவே போய்விட்டது என்றால், அந்தக் கல்யாணத்தில் பக்கத்தில் நின்று படம் எடுத்த சித்தப்பாவையோ அத்தையையோ கேட்டுப் பார்க்கலாம். அவர்கள் போனில் இன்னும் இருக்கக்கூடும். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லும்போது, போட்டோவாக அல்ல, டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் அங்கே இன்னொரு முறை சுருங்கித்தான் வந்து சேரும்.