கலர் லென்ஸ் போட்டா நிறக்குறை சரியாகிடுமா?

ரயில் ஓட்டுநர் வேலைக்கான மருத்துவப் பரிசோதனை. புள்ளிகள் நிறைந்த இஷிஹாரா அட்டையில் மற்றவர்களுக்கு 74 தெரிகிறது. ஒரு இளைஞருக்கு மட்டும் 21. தனக்குச் சிவப்பு-பச்சை நிறக்குறை இருப்பதே அன்றுதான் அவருக்குத் தெரியும்.

'கலர் லென்ஸ் போட்டா சரியாகிடும்' என்கிறார்கள் நண்பர்கள். சிவப்பு லென்ஸ் வழியே பார்த்தால், அட, 74 தெரிகிறது!

ஆனால் நடந்தது வேறு. சிவப்பு லென்ஸ் பச்சை ஒளியைத் தடுப்பதால் பச்சைப் புள்ளிகள் கறுக்கின்றன, ஆரஞ்சுப் புள்ளிகள் வெளிச்சமாகவே இருக்கின்றன. எண்ணைக் காட்டிக்கொடுத்தது நிறமல்ல, வெளிச்ச வித்தியாசம். விழித்திரையின் கூம்பு செல்களில் பிறவியிலேயே இருக்கும் குறையை எந்த லென்ஸும் மாற்றாது. துணியின் நிறம் பிரித்துப் பார்க்கச் சிலருக்கு உதவலாம், கழற்றினால் பழையபடிதான்.

அட்டையில் பாஸ் ஆக உதவும் அதே லென்ஸ், இரவில் பச்சை சிக்னலை மங்கலாக்கிவிடும். பின்னால் இருப்பதோ ரயில் நிறையப் பயணிகள். அதனால் லென்ஸ் போட்டுத் தேர்வைத் தாண்டுவது சாமர்த்தியம் இல்லை, ஆபத்து. அட்டைப் பரிசோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். வருடக்கணக்கில் கோச்சிங் போவதற்கு முன்பே அதைச் செய்துகொள்வதுதான் புத்திசாலித்தனம்.